விளிம்பில் இருக்கிறது விடை

வரப்போரம் நின்ற செடியின் இலையைப் படமெடுத்து நண்பன் அனுப்பி, "இது என்ன செடி?" என்று கேட்கிறான். "எனக்கெங்கே தெரியும்" என்று கைபேசியைக் கீழே வைக்காதே! பூவும் காயும் படத்தில் இல்லாமல் போகட்டும். இலையின் ஓரம் முழுதாய் இருக்கிறதே, அது போதும் உனக்கு. பெரிதாக்கிப் பார்!

விரித்த உள்ளங்கை போல மடல் மடலாய்ப் பிரிந்திருக்கிறதா? அந்த ஒரு பார்வையிலேயே வேம்பும் புங்கனும் பூவரசும் விலகிவிட்டன. நம் ஊர் வரப்பில் மிஞ்சுவது பெரும்பாலும் நான்கு: ஆமணக்கு, காட்டாமணக்கு, மரவள்ளி, பப்பாளி. நூற்றுக்கணக்கான செடிகளை நான்காகச் சுருக்கியது உன் கண்தான்!

இப்போது ஒரு மடலை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் ஓரம் வழியே மெல்லப் போ. ரம்பம்போலப் பல் பல்லாய் வருகிறதா, மடல் நுனி கூராய் முடிகிறதா? ஆமணக்கை நோக்கிப் போகிறாய். ஓரம் வழுவழுப்பாய், வெட்டு ஆழமில்லாமல் மூன்று அல்லது ஐந்து மடலாய் இருந்தால் காட்டாமணக்கு. வழுவழுப்பான ஓரத்தோடு, ஒடுங்கிய மடல்கள் காம்பு வரைக்கும் பிரிந்து நீண்ட கூர்நுனியோடு நின்றால் மரவள்ளி. ஒவ்வொரு மடலும் மீண்டும் மடலாய் வெட்டுப்பட்டிருந்தால் பப்பாளி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், நீ சறுக்காதே! புழு கடித்த ஓரமும் பல்போலத் தெரியும். பல் என்றால் இரு பக்கமும் ஒரே சீராக வரும், சின்ன நரம்பு ஓடிவந்து அதில் முடியும். புழுக்கடியில் நரம்பு பாதியில் அறுந்து நிற்கும், பள்ளங்களும் ஒழுங்கற்றிருக்கும். காட்டாமணக்குக்கு உறவான இன்னொரு செடி உண்டு. அதன் தளிர் செந்நிறம், இலையோரமெங்கும் பிசுபிசுக்கும் சுரப்பி மயிர். மங்கலான படத்தில் அந்த மயிரும் பல்லாகத் தோன்றி உன்னை ஏமாற்றப் பார்க்கும். சுருண்ட இலையில் நுனி மறைந்திருக்கும். இளஞ்செடியில் மடல் குறைந்திருக்கும். பப்பாளி நாற்றின் முதல் இலைகளில் மடல் சரியாகத் தெரியவே தெரியாது. அதனால் ஓர் இலையை நம்பி நிற்காதே. படத்தில் முதிர்ந்த இலைகள் மூன்றையாவது ஒப்பிட்டுப் பார்.

நண்பனின் படத்தில் எட்டு மடல். மூன்று இலையிலும் சீரான பல். ஒவ்வொரு மடல் நுனியும் கூர். ஆமணக்கு என்று துணிந்து எழுது! கூடவே ஒரு வரி சேர்: "இலையைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு படம் எடு. காம்பு ஓரத்தில் சேராமல் தகட்டின் உட்புறத்தில் குடைக்கம்பிபோலச் சேர்ந்தால் ஆமணக்கேதான். குழந்தைகளை அதன் கொட்டையைத் தொடவிடாதே, அது நஞ்சு."