இடது கை



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அத்தைக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவந்தது. மருத்துவர் அதை அத்தையிடம் சொல்லவில்லை. மகன்களை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். அன்று மாலை வீட்டு முற்றத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு முடிவெடுத்தோம். அத்தையிடம் சொல்ல வேண்டாம், கேட்டால் அல்சர் என்று சொல்லிவிடுவோம் என்பதுதான் அந்த முடிவு. அடுத்த மூன்று வாரங்களில் அத்தை என்னிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "அல்சர்தான் அத்தை, மருந்துலயே சரியாயிடும்" என்றேன்.

அதை நான் பொய்யாகவே நினைக்கவில்லை. இதமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சரிதானா என்று பிறகு பல நாள் யோசித்தேன். அப்படி யோசித்தபோது எனக்குத் துணையாக வந்தது ஒரு பழைய உரையாடல். இன்று காலை அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களில் மஜ்ஜிம நிகாயம் என்பது ஒன்று. அதில் ஐம்பத்தெட்டாவது உரையாடல் அபயன் என்ற இளவரசனைப் பற்றியது. அவன் மகத மன்னன் பிம்பிசாரனின் மகன். புத்தரை மடக்குவதற்கென்று ஒரு கேள்வியோடு அவன் அனுப்பப்படுகிறான். பிறர் மனம் நோகும் சொல்லைப் புத்தர் சொல்வாரா, மாட்டாரா என்பது கேள்வி. சொல்வேன் என்றால், உமக்கும் சாதாரண மனிதருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். சொல்லமாட்டேன் என்றால், தேவதத்தன் என்பவன் நரகத்துக்குப் போவான் என்று சொல்லி அவன் மனத்தை ஏன் புண்படுத்தினீர் என்று கேட்கலாம். தொண்டையில் சிக்கிய இரும்பு முள்ளைப்போல, விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

அபயன் ராஜகிருகத்தின் மூங்கில் தோப்புக்குப் போகிறான். போனவன் உடனே கேட்கவில்லை. அண்ணாந்து சூரியனைப் பார்க்கிறான். பொழுது சாய்ந்துவிட்டது, இது வாதம் செய்யும் நேரமில்லை என்று எண்ணி, மறுநாள் உணவுக்கு வரும்படி புத்தரை அழைத்துவிட்டுத் திரும்புகிறான். மடக்க வந்தவனுக்கும் பேச நேரம் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் உணவு முடிந்ததும் கேள்வியைக் கேட்கிறான். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது என்கிறார் புத்தர். அப்போது அபயனின் மடியில் ஒரு பச்சைக் குழந்தை படுத்திருக்கிறது. அதைக் காட்டி அவர் கேட்கிறார்: உன் கவனக்குறைவாலோ செவிலியின் கவனக்குறைவாலோ இந்தக் குழந்தை ஒரு குச்சியையோ கூழாங்கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்?

எடுத்துவிடுவேன் என்கிறான் அபயன். எளிதில் வராவிட்டால், இடது கையால் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலை வளைத்து உள்ளே விட்டு, ரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவேன். ஏனென்றால் இந்தக் குழந்தைமேல் எனக்கு இரக்கம் உண்டு.

அதன் பிறகு புத்தர் பேச்சை வகை பிரித்துக் காட்டுகிறார். மூன்று கேள்விகளைக் கேட்டால் அந்த வகைகள் புரிந்துவிடும். சொல்லப்போவது உண்மையா? அதனால் நன்மை உண்டா? கேட்பவருக்கு அது பிடிக்குமா? உண்மையில்லாததை, அது கேட்க இனித்தாலும் கசந்தாலும், அவர் சொல்வதில்லை. உண்மையாகவே இருந்தாலும் நன்மை இல்லையென்றால் சொல்வதில்லை. அது கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி. உண்மையாகவும் இருந்து நன்மையும் தருமென்றால் மட்டுமே சொல்கிறார். அதையும் நேரம் அறிந்து சொல்கிறார்.

இதில் இரண்டு இடங்களில் நான் நின்று பார்த்தேன். முதலாவது, கசப்பான உண்மைக்கு மட்டும்தான் நேரம் பார்க்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இனிப்பான உண்மைக்கும் நேரம் பார்க்கச் சொல்கிறது இந்த உரையாடல். மகனைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து நம் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னால், அது உண்மைதான், நல்ல செய்திதான். ஆனாலும் அந்த வீட்டில் அது அடி. இரண்டாவது, நன்மை தரும் பொய் என்று ஒரு வகை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதற்கு அவர் இடமே வைக்கவில்லை.

வள்ளுவர் இடம் வைத்திருக்கிறார். இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று பேச்சைப் பற்றிய மூன்று அதிகாரங்களை அவர் இல்லறத்தில் வைத்தார். வாய்மையை மட்டும் துறவறத்துக்குக் கொண்டுபோனார். தவத்துக்கும் கள்ளாமைக்கும் பின்னால், சினத்தை அடக்கும் வெகுளாமைக்கு முன்னால் அது நிற்கிறது. மனத்தைப் பழக்கும் பயிற்சிகளில் ஒன்றாக அவர் அதைப் பார்த்திருக்கிறார். அந்த முப்பதாவது அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, பிறருக்குச் சிறிதும் கேடு செய்யாத பேச்சுதான் வாய்மை என்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று அவர் இலக்கணம் வகுக்கவில்லை. அடுத்த குறளில் இன்னும் ஒரு படி போய், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார்.

பொய்க்கு இந்தக் கதவு எதற்காகத் திறந்திருக்கிறது என்பதற்கு மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் ஒரு கதை உண்டு. கண்ணன் அருச்சுனனுக்குச் சொல்வது. கௌசிகன் என்ற தவசி, உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை என்று விரதம் பூண்டவன். கொள்ளையருக்குப் பயந்து ஓடிவந்த சிலர் அவன் இருந்த காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்டபோது, தன் விரதம் கெடக் கூடாதென்று ஒளிந்திருந்த இடத்தை அவன் காட்டிவிட்டான். ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கௌசிகன் நரகம் புகுந்தான். இதற்குக் கண்ணன் காட்டும் வழியில் ஒரு வரிசை இருக்கிறது. வாய் திறக்காமல் தப்பிக்க முடியுமானால் வாய் திறக்காதே. பேசியே ஆகவேண்டும், பேசாவிட்டாலும் சந்தேகம் வரும் என்ற நிலை வந்தால் மட்டும் பொய் சொல். மௌனம் முதலில் வருகிறது, பொய் கடைசியில்தான் வருகிறது.

எங்கள் வீட்டில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. மௌனத்தை முயன்று பார்க்காமலேயே பொய்க்குப் போய்விட்டோம். அந்தப் பொய் தந்த நன்மை குற்றமற்றதா என்று கேட்டால், அதுவும் இல்லை. அத்தை அழுவதைப் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதி எங்களுக்குக் கிடைத்தது. அந்த நிம்மதிக்கு அத்தை தன்னுடைய நாட்களால் விலை கொடுத்தார். அவர் உள்ளே வந்தால் எங்கள் பேச்சு நின்றுவிடும். வெறும் அல்சருக்கு இத்தனை பேர் ஊரிலிருந்து ஏன் பார்க்க வருகிறார்கள் என்று அவருக்கா தெரியாது? பொய்க்கு இடம் தந்த குறளுக்கு அடுத்த குறளிலேயே வள்ளுவர் எச்சரித்ததும் நடந்தது. தெரிந்தே சொன்ன பொய்க்கு வெளியிலிருந்து யாரும் தண்டனை தர வேண்டியதில்லை, நம் மனமே அதைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. அத்தையின் அறைக்குள் தனியாகப் போகவே நான் தயங்கினேன்.

கடைசியில் பேசியது அவருடைய மூத்த மருமகள். ஒரு மத்தியான நேரம், வீட்டில் கூட்டமில்லை. அத்தை கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு, வலி குறைந்து படுத்திருந்தார். மருமகள் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் வாசலோரம் நின்றிருந்தேன்.

அவர் எதையும் சொல்லவில்லை, கேட்டார். "உங்களுக்கு என்ன தோணுது அத்தே?"

அத்தை சிறிது நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அல்சர் இல்லம்மா" என்றார்.

"இல்ல அத்தே. டாக்டர் சொன்னதெல்லாம் சொல்லட்டுமா? இல்ல, வேண்டாமா?"

"பேரை மட்டும் சொல்லு."

மருமகள் நோயின் பெயரை மட்டும் சொன்னார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. கையை விடவுமில்லை. அத்தை அழுதார். மருமகள் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அத்தை, "எத்தனை நாளும்மா?" என்று கேட்டபோது, "அது எனக்குத் தெரியாது அத்தே. வலி வந்தா மருந்து இருக்கு. ராத்திரி நான் இங்கதான் படுத்துக்குவேன்" என்றார்.

அவர் என்னவெல்லாம் சொல்லாமல் விட்டார் என்பதையும் அன்று கவனித்தேன். நோய் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லவில்லை, அத்தை கேட்கவில்லை. மகன்கள் வராந்தாவில் உடைந்து அழுததைச் சொல்லவில்லை. அதுவும் உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அத்தைக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. அதே சமயம், சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. கேட்க இனித்திருக்கும், உண்மையாக இருந்திருக்காது. அபயனின் கதையை அவர் படித்திருக்கமாட்டார். ஆனால் அந்த வகைகளெல்லாம் அவர் பேச்சில் பிசகாமல் அமைந்திருந்தன.

எப்போது மௌனம், எப்போது இதம், எப்போது உள்ளது உள்ளபடி என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், அபயன் சொன்ன பதிலில் நாம் எளிதில் கடந்துபோகும் ஒரு சிறு விவரத்தைத்தான் காட்டுவேன். அவன் விரலை வளைப்பதற்கு முன் இடது கையால் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்கிறான். உள்ளதைச் சொல்கிறேன் என்று சிலர் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசும்போது, அங்கே விரல் மட்டும்தான் இருக்கிறது. தலையைத் தாங்கும் கை இல்லை. நாங்கள் மூன்று வாரம் செய்தது அதற்கு நேர் எதிர். தலையைத் தடவிக்கொண்டே இருந்தோம், கல் உள்ளேயே கிடந்தது. அந்த மருமகளிடம் மட்டும்தான் இரண்டு கைகளும் இருந்தன.

அத்தைக்கு ஒரு தங்கை உண்டு. ஏதோ ஒரு நிலத் தகராறில் இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சில்லை. உண்மை தெரிந்த மறுநாள் காலை, அத்தை என்னைக் கூப்பிட்டு, "சின்னவளுக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்றார். எண்ணைப் போட்டு அவர் காதருகே வைத்தேன். மூன்று வாரத்தில் அன்றுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.