நூற்றைத் தாண்டும் ஈரம்

மர அறுவை ஆலைக் கையேட்டைத் தமிழாக்கும்போது ‘ஈரம் 120 சதவீதம்’ என்று வந்தால், அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். அங்கே வகுக்கும் எண் ஈரமரத்தின் எடை அல்ல, முழுக்கக் காய்ந்த மரத்தின் எடை. 150 கிராம் துண்டை 103 டிகிரி செல்சியஸில், எடை மேலும் குறையாத வரை காயவைத்தால் 100 கிராம் மிஞ்சுகிறது. போன நீர் 50 கிராம். ஈரம் 50 சதவீதம், 33 அல்ல.

உலர்த்தும் அறையின் காற்றுக்கும் பலகைக்கும் ஒரே சொல்லைப் போடுவதுதான் பெரிய ஆபத்து. பலகையின் மேற்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்காமலிருக்க, தொடக்கத்தில் காற்றை ஈரமாகவே வைப்பார்கள். காற்றின் ஈரத்தைக் குறிக்கும் எண்ணைப் பலகையின் எண்ணாகப் படித்தால் அடுக்கிய மரம் பாழாகும். காற்றுக்கு ‘ஈரப்பதம்’, மரத்துக்கு ‘ஈர அளவு’ என்று பிரித்தே எழுதுங்கள்.