தொள்ளாயிரம் ரூபாய் குறைகிறது

திருவொற்றியூரில் ஒரு பள்ளி. இதைக் கற்பனைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஜூன் மாதத் தொடக்கம், பள்ளி திறந்துவிட்டது. ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிப்பதால், காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. மதிய இடைவேளையில் கேன்டீனில் கைக்கு உதவியாக நிற்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கண்ணில், திறந்து கிடக்கும் கணக்கு நோட்டு படுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை விற்பனை 640, 585, 710, 615, 720. அடியில் கூட்டுத்தொகை 2,370. மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறாள், 3,270 வருகிறது. மறுபடி கூட்டினாலும் அதுவேதான். வகுப்பு முடிந்ததும் கணக்கு ஆசிரியையிடம் போய், “மிஸ், கேன்டீன் நோட்டுல கூட்டல் தப்பா இருக்கு. தொள்ளாயிரம் ரூபாய் குறையுது” என்கிறாள்.

கதை இவ்வளவுதான். அவள் செய்தது நேர்மை என்று பாராட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த நோட்டை எழுதுவது கேன்டீன் அக்கா. அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. ஒரு சிறுமியின் ஒரு வாக்கியத்தால் அவருடைய பெயர் கெடலாம், வேலை போகலாம். ஆகவே சொன்னது சரியா என்பதோடு, எதைச் சொன்னாள், யாரிடம் சொன்னாள், கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அவள் சொன்னது ஒரு தாளைப் பற்றி. “அக்கா காசு எடுத்துட்டாங்க” என்று அவள் சொல்லவில்லை. கூட்டல் தப்பு என்பது யார் கூட்டினாலும் தெரியும் உண்மை. கையாடல் என்பது ஒரு மனிதரின் எண்ணத்தைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவ அந்தப் பக்கத்தில் வழி இல்லை. இந்தக் கணக்கையே பாருங்கள். 3,270-இன் முதல் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினால் 2,370. வித்தியாசம் 900, அது ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கெழுதுவோர் அறிந்த பழைய சோதனை. ஆகவே இது கை தவறிய எழுத்தாக இருக்கலாம். ஆனால் அது குறிப்பு மட்டுமே, சான்று ஆகாது. வேண்டுமென்றே குறைப்பவரும் இலக்கத்தை மாற்றி எழுதலாமே.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தடைக்காலத்தில் தொழில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் காசில்லாமல் வந்து நிற்பார்கள். அக்கா அவர்களுக்குக் கடனாகச் சுண்டலும் சாதமும் கொடுத்து, அதையும் விற்பனையில் எழுதிவிட்டு, பெட்டியில் இருந்த பணத்துக்கு ஏற்பக் கூட்டுத்தொகையைக் குறைத்திருக்கலாம். அப்படியென்றால் அங்கே இரக்கம் இருக்கிறது. கணக்கில் பொய்யும் இருக்கிறது. தவறு, திருட்டு, இரக்கம் மூன்றும் நோட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்.

பிரித்தறியும் வழி நோட்டுக்கு வெளியே இருக்கிறது. அந்த வாரம் பள்ளியில் கட்டிய பணம் எவ்வளவு? 3,270 கட்டியிருந்தால் எழுத்துப் பிழை, பேச்சு முடிந்தது. 2,370 என்றால் மீதி எங்கே என்று கேட்க வேண்டும். அடுத்து, முந்தைய பக்கங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கை தவறினால் கூட்டுத்தொகை ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். வாரந்தோறும் குறைந்துகொண்டே வந்தால், அதைத் தற்செயல் என்று சொல்வது கடினம். இந்த வேலை எதையும் சிறுமி செய்ய முடியாது. நோட்டையும் ரசீதையும் கேட்டு வாங்கும் அதிகாரம் ஆசிரியைக்கே உண்டு.

“முதலில் அக்காவிடமே கேட்டிருக்கக் கூடாதா? அதுதானே மரியாதை?” என்று ஒரு எதிர்வாதம் எழும். இருவரும் சமமானவர்கள் என்றால் இந்த வாதம் சரி. கூட வேலை செய்பவரின் பிழையை மேலாளரிடம் கொண்டுபோகும் முன் அவரிடமே கேட்பதுதான் அறம். இங்கே ஒருவர் குழந்தை, மற்றவர் பெரியவர். அக்கா “யார்கிட்டயும் சொல்லிடாதே கண்ணு” என்று சொல்லிவிட்டால், அந்த நொடியிலிருந்து அவள் ஒரு ரகசியத்துக்குப் பங்காளி ஆகிறாள். பதினான்கு வயதில் அந்தச் சுமையைத் தூக்கச் சொல்வது நியாயமில்லை. அக்காவுக்குத் தர வேண்டிய அந்த மரியாதை காணாமல் போய்விடவில்லை. ஆசிரியையின் கடமையாக மாறிவிட்டது. தலைமையாசிரியரிடம் போகும் முன், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், அவர் அக்காவோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் கூட்ட வேண்டும். பிழை என்றால் அழிக்கவோ மையால் மறைக்கவோ கூடாது. தவறான எண்ணின் மேல் ஒரே கோடு போட்டு, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. தீங்கற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற கருத்தைத் திருக்குறளே பேசுகிறது. பசித்த பிள்ளைகளுக்குக் கொடுத்ததாகவே இருந்தால், சிறுமி பேசாமல் இருந்திருக்கலாமே? ஆனால் அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதே குறள் விதிக்கும் நிபந்தனை. இங்கே கொடுக்கப்பட்டது அக்காவின் சொந்தப் பணம் அல்ல. மறைவில் செய்வதால், எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் கணக்கு பார்க்கப்படும்போது அக்கா திருடியாகவே நிற்பார். உண்மை வெளியே வந்தால்தான், “தடைக்காலத்தில் இவ்வளவு பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள், கடனுக்குத் தனிப் பக்கம் போடுவோம்” என்று பள்ளி முடிவெடுக்க முடியும். இரக்கத்துக்கு இடம் உண்டு, உண்மை தெரிந்த பிறகு. திருட்டாகவே இருந்தாலும், பணத்தைத் தவணையில் திரும்பப் பெறுவதா, வேலையை விட்டு நிறுத்துவதா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

கேட்டவர் தன் கடமையில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் அவர் பெயரோடே அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27-இல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ; பலர் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், நம்பிச் சொன்னவரின் பெயரை அரசு காக்கவில்லை என்பது மாறாது. 2004-இல் புகார் தருவோரைக் காக்கும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தரப்பட்டதும், 2014-இல் தனிச் சட்டம் நிறைவேற்றப்பட்டதும் அதற்குப் பிறகுதான்.

பள்ளிக்கூடத்தில் ஆபத்து அவ்வளவு பெரிதல்ல; ஆனால் கடமை அதே கடமை. “என் ஸ்டூடண்ட் ஒருத்தி சொன்னா” என்று ஆசிரியை வாய் தவறினால் போதும், கேன்டீனில் உதவிக்கு நின்றவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். காலைப் பிரார்த்தனையில் மேடையேற்றிப் பாராட்டுவதும் காட்டிக்கொடுப்பதுதான். அது அக்காவையும் பெயர் சொல்லாமலே எல்லோர் முன்னும் குற்றவாளி ஆக்கிவிடும். பள்ளிக் கணக்கு முழுவதையும் பார்க்கும்போது கண்டுபிடித்ததாக, உண்மையிலேயே எல்லாப் பக்கங்களையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம். அது பொய்யும் ஆகாது, அவளையும் காக்கும்.

கடைசியாக, சிறுமிக்குப் பதில் வர வேண்டும். சொன்னதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தெரிந்தால், கணக்கைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று அவள் முடிவு கட்டுவாள். அக்காவின் சொந்த விஷயங்களை அவளிடம் விவரிக்கத் தேவையில்லை. “நீ கூட்டினது சரி. நாங்க பார்த்துட்டோம், சரி பண்ணிட்டோம்” என்ற அளவு போதும். அவள் கொண்டுவந்தது ஒரு சரியான எண். அதை அவதூறாகவும் ஆக்காமல், குப்பையிலும் போடாமல், அதற்குரிய முடிவுவரை கொண்டுசெல்வது பெரியவர்களின் வேலை. இந்தக் கதையில் அறத்தின் பெரும்பங்கு சொன்னவளிடம் இல்லை; கேட்டவரிடம் இருக்கிறது.