நாக்குக்கு ஜாதகம்

ராகு காலத்தில்தான் மாலை மாற்றுவேன் என்று அடம்பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டவன் நான். பொருத்தம் பார்க்கவில்லை, கட்டம் பார்க்கவில்லை. அதனால் மாமனார் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டரில் ஆறு வருடம் உட்கார்ந்து, வாக்-இன் நாட்களில் வரிசையாக வந்தவர்களுக்கெல்லாம் கட்டம் போட்டுத் தள்ளியிருக்கிறேன். உச்சரிப்பு, இலக்கணம், சரளம், ஏற்ற இறக்கம், எம்டிஐ என்று ஒரு தாளில் ஐந்து கட்டம்.

எம்டிஐ என்றால் மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ், தாய்மொழியின் சாயல். மற்ற நான்கு கட்டங்களிலும் மதிப்பெண் கூடினால் நல்லது. இதில் மட்டும் கூடினால் ஆபத்து. ‘ஹை’ என்று எழுதிவிட்டால் அந்த ஆள் அதோடு வீட்டுக்குப் போகலாம். பிறப்பால் வந்த ஒன்றைக் குறையாக எழுதும் கட்டம் அது. எழுதியவன், மேடையில் பிறப்பால் யாரும் தாழ்ந்தவரில்லை என்று பேசிவிட்டு மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவன்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமம், பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, பிறகு பி.காம். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ஓட்டல் முன்பதிவு பார்க்கும் புராசஸுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். முதலில் டைப்பிங். அவரும், சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படித்த இன்னொரு இளைஞரும் பக்கத்துப் பக்கத்து கம்ப்யூட்டர்.

டைப்பிங் டெஸ்ட் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இடைவெளியையும் சேர்த்து ஐந்து தட்டு ஒரு சொல். இந்தக் கணக்கு தட்டச்சு மிஷின் காலத்திலிருந்து வருகிறது. லோயர் தேர்வு எழுதியவர்களுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 என்பது மனப்பாடமாக இருக்கும். அந்த இளைஞர் ஐந்து நிமிடத்தில் 1,000 தட்டு தட்டினார். 200 சொல், நிமிடத்துக்கு 40. ஆனால் திருத்தாமல் விட்ட பிழை 50. நிமிடத்துக்கு பத்து பிழையைக் கழித்தால் மிஞ்சுவது 30. விழுப்புரத்துப் பெண் 800 தட்டு, நிமிடத்துக்கு 32. பிழை 5, கழித்தால் 31. வேகமாகத் தட்டியவர் பின்னால் போனார். யார் மகள், எந்த ஊர், நாக்கு எப்படி என்று கீபோர்டு கேட்பதில்லை. நானே எழுந்து போய் மறுபடி எண்ணினாலும் அதே 31தான் வரும். அளவுகோல் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அடுத்தது வாய்ஸ் ரவுண்ட். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வோம், பிறகு ஏதாவது ஒரு தலைப்பில் ஒரு நிமிடம் பேச்சு. அவர் வாசித்ததில் என் காதில் முதலில் விழுந்தது ‘யெம்ப்டி’. ‘எ’யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு ‘ய’ சேர்வது நம் நாக்கின் பழக்கம். அப்புறம் ‘பஸ்ஸு’, ‘ரூமு’. மெய்யெழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஒரு உகரம். ‘ஜீரோ’ வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். நாற்பது நொடிகூட ஆகியிருக்காது. பிறகு ஒரு நிமிடம் அவர் தன் ஊர் ஏரி வற்றிய கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஆனால் கட்டம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

இப்போது யோசித்தால், அந்தத் தாள் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே கட்டத்தில் அடைத்திருந்தது. ஒன்று, கேட்பவருக்குப் பொருளே மாறிப்போகும் பிழை. இன்னொன்று, பேசுபவர் எந்த ஊர் என்று மட்டும் காட்டிக்கொடுக்கும் ஒலி.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் ‘பில்’. மாத்திரையும் பில், ரசீதும் பில். தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. ஆங்கிலம் பேசுகிறவர் மாத்திரையைச் சொல்லும்போது வாயிலிருந்து ஒரு சின்னக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் தெரியும். நம் பகரத்தில் அந்தக் காற்று இல்லை. அமெரிக்கக் காது அந்தக் காற்றை வைத்துத்தான் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு ஒலிகளையும் பிரிக்கிறது; காற்று வராவிட்டால் மாத்திரை அங்கே ரசீதாகிவிடும். முன்பதிவு எண்ணில் அந்த எழுத்து வந்தால் வேறு யாருடைய அறையோ ரத்தாகும். அதேபோலத்தான் தர்ட்டீனும் தர்ட்டியும். அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை வைத்துத்தான் பல நேரம் காது பிரித்தறிகிறது. பதினேழு டாலரும் எழுபது டாலரும் மாறினால் அடிதடிதான்.

இது உண்மையான சிக்கல். ஆனால் இதற்கு மருந்து எங்கள் ப்ளோரிலேயே ஒட்டப்பட்டிருந்தது. ‘பாப்பா’, ‘பிராவோ’ என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சொல்லும் பட்டியல். விமானிகளும் ராணுவத்தினரும் பயன்படுத்தும் அதே பட்டியல். எண்ணாக இருந்தால் ‘ஒன் செவன்’ என்று தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும். தொலைபேசிக் கம்பியில் யார் பேசினாலும் இந்த ஒலிகள் குழம்பும் என்பதால், டெக்சாஸில் பிறந்தவரும் இதைச் செய்கிறார். பயிற்சியின் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்து விடுவோம். பயிற்சியில் தீரும் பிழைக்குத்தான் வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்பினோம்.

மிச்சமிருந்த ‘யெம்ப்டி’, ‘ரூமு’ எல்லாம் யார் காதையும் குழப்பவில்லை. ‘ரூமு’ என்றால் அறை என்று புரியாத அமெரிக்கர் யாரும் இருக்க முடியாது. அவை ஊரைச் சொல்கின்றன, அவ்வளவுதான். ஊரைச் சொல்வது எப்போது தகுதிக்குறைவு ஆனது?

கனடாவில் முர்ரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசிய ஆங்கிலத்தை, ஆங்கிலம் பேசுபவர்களுக்குப் போட்டுக்காட்டி, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னார்கள். கூடவே சாயல் எவ்வளவு என்றும் மதிப்பிடச் சொன்னார்கள். சாயல் ரொம்பத் தூக்கல் என்று அதே ஆட்கள் மதிப்பிட்ட வாக்கியங்களில் பலவற்றை ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தார்கள். சாயலும் புரிதலும் வேறு வேறு. அதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது, டொனால்டு ரூபின் 1992இல் வெளியிட்டது. ஓர் அமெரிக்கப் பெண்ணின் ஒரே ஒலிப்பதிவைக் கேட்கவைத்து, கூடவே சில மாணவர்களுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படமும் சிலருக்கு ஆசியப் பெண்ணின் படமும் காட்டினார். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு இல்லாத சாயல் கேட்டது. பாடமும் குறைவாகவே மனதில் நின்றது. கண் நம்பியதைக் காது கேட்டிருக்கிறது. விழுப்புரத்துப் பெண் வாயைத் திறக்கும் முன்பே அவருடைய பயோடேட்டா என் மேஜையில் இருந்தது. ஊர், பள்ளி, அப்பா தொழில் எல்லாம் அதில் இருந்தன.

வாய்ஸில் ‘ஹை’ வாங்கியவரை அடுத்த ரவுண்டுக்கு அனுப்புவதில்லை. அன்றைக்குக் கூட்டம் கலைந்துபோனதில் தாள்கள் மாறி, அவர் ஆப்ஸ் ரவுண்டிலும் உட்கார்ந்துவிட்டார். மாக் கால். நான்தான் கோபக்கார வாடிக்கையாளர். “அறையை ரத்து செய்து பத்து நாள் ஆச்சு, என் 84 டாலர் எங்கே?” என்று கத்த வேண்டும்.

முதலில் அந்த இளைஞர். நீங்கள் எவ்வளவு வருத்தத்தில் இருப்பீர்கள் என்று எனக்கு முழுமையாகப் புரிகிறது, இந்தச் சிரமத்துக்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன், நீங்கள் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள் என்று அழகான ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். நான் மறுபடி கத்தினேன். அவர் மறுபடி அதே மூன்றைச் சொன்னார். முன்பதிவு எண் என்ன என்று கடைசிவரை கேட்கவில்லை.

அந்தப் பெண் சொன்னது: “பத்து நாள் பெரிய லேட்டு சார். முன்பதிவு எண் சொல்லுங்க. நாங்க பணம் அனுப்பிட்டோமா இல்லையான்னு முதல்ல பாக்குறேன். அனுப்பியிருந்தா தேதி சொல்றேன், பேங்க்ல கேளுங்க. அனுப்பலைன்னா தப்பு எங்களுது.” எல்லாம் ஆங்கிலத்தில்தான், ‘பேங்க்கு’ என்ற உகரத்தோடு. பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் கேள்வியை அன்று கேட்டது அவர் ஒருவர்தான்.

தாளில் ‘எம்பதி ஸ்டேட்மென்ட்’ என்றொரு வரி. சொன்னாரா, டிக், சொல்லவில்லையா, கிராஸ். இளைஞருக்கு டிக் விழுந்தது. பலன் வந்ததா என்று பார்க்காமல், உச்சரித்தானா என்று மட்டும் பார்த்துத் தட்சணை கொடுப்பதை நான் வெளியே மந்திரம் என்று கிண்டல் செய்வேன். உள்ளே அதற்கு மதிப்பெண் போட்டேன்.

“அனுபவசாலிகளின் காது பொய் சொல்லாது” என்று அப்போது என் மேலாளர் சொல்வார். அவர் சொன்னதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. காரணம் இப்போதுதான் தெரிகிறது. நாங்கள் எடுத்தவர்களில் சிலர் நன்றாக வேலை செய்தார்கள், சிலர் சொதப்பினார்கள். ஆனால் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர்கூட ஹெட்செட் மாட்டிப் பார்க்கவில்லை. நிராகரித்தது தப்பு என்று நிரூபிக்க யாருமே உள்ளே இல்லை. பொருத்தம் இல்லை என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டு, “நடந்திருந்தா நாசமாப் போயிருக்கும்” என்று சொல்லும் ஜோசியரை யாராலும் தோற்கடிக்க முடியாது அல்லவா? எங்கள் காதும் அப்படித்தான் ஆறு வருடம் தோற்காமல் இருந்தது.

சோதித்துப் பார்ப்பது கடினமும் அல்ல. பெயரும் ஊரும் தெரியாத ஒருவரிடம் ஒலிப்பதிவைக் கொடுத்து, இருபது வாக்கியத்தை எழுதச் சொல்லலாம். எத்தனை சொல் தவறாக எழுதினார் என்று, டைப்பிங் பிழையை எண்ணுவது போல எண்ணிவிடலாம். ஒரே பதிவை இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, இருவருடைய எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். கட்-ஆஃபுக்குக் கீழே விழுந்த சிலரை வேண்டுமென்றே எடுத்து, மூன்று மாதம் கழித்து அவர்கள் கால்களையும் மற்றவர்கள் கால்களையும் ஒப்பிடலாம். இதில் ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுப் போகிறேன் என்று நினைத்துத் தலையாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ழகரம் வராதவரைப் பார்த்து நாம் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்? ஓட்டலில் “சாம்பார் வேணுமா” என்று இழுத்துக் கேட்கும் பீகார் பையனின் தமிழை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியவர்கள் யார்? அவன் சாம்பார் கொண்டுவரத் தவறியதே இல்லை.

அன்று சாயங்காலம் தாள்களை அடுக்கும்போது அவருடையதில் ‘கம்யூனிகேஷன்’ என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேசிய இருபது நிமிடத்தில் அவர் சொன்னதில் எனக்குப் புரியாத சொல் எது என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் அங்கே எழுத என்னிடம் எதுவும் இருந்திருக்காது.