விசில் ஊதத் தெரியும், பேசத் தெரியாதா?

உடற்கல்வி ஆசிரியரே, உங்களிடம்தான் பேசுகிறேன்!

ஒன்பதாம் வகுப்பு. கோ-கோ பயிற்சி. ஒரு பெண் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். கை அடிவயிற்றில். "வயித்து வலி சார்."

என்ன செய்வீர்கள்? "உனக்கு மட்டும் எப்பப் பாரு வயித்து வலியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பீர்களா? இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு "சரி சரி, உட்காரு" என்பீர்களா?

முதலாவது அவமானம். இரண்டாவது? அதுவும் கைகழுவல்தான்!

"நான் ஆம்பளை, இதையெல்லாம் எப்படிப் பேசுறது?"

கணுக்கால் பிசகினால் பேசுகிறீர்களே! கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் விளக்குகிறீர்களே! கருப்பையும் தசைதான். மாதவிடாயின்போது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து அதை இறுக்குகிறது. வலி அங்கிருந்துதான் வருகிறது. நடிப்பிலிருந்து அல்ல!

"சங்கடமா இருக்கே!"

இருக்கட்டும்! 2016, ரியோ ஒலிம்பிக். சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் தொடர் நீச்சல் முடித்து வெளியே வருகிறார். முந்தின நாள் மாதவிடாய் தொடங்கியது, களைப்பாக இருக்கிறது என்று கேமரா முன்னாலேயே சொன்னார். அதைச் சாக்காகச் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

20 வயதுப் பெண் உலகத்துக்கே சொன்னார். நீங்கள் ஒரு வகுப்பிடம் சொல்ல மாட்டீர்களா?

எப்போது சொல்வது? அவள் வலியோடு உட்கார்ந்திருக்கும் நாளிலா? கூடாது! ஆண்டின் முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். யார் பெயரும் வேண்டாம். பையன்களும் இருக்கட்டும். யாராவது சிரிப்பான். நீங்கள் சிரிக்காதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள்!

இப்படிச் சொல்லலாம்: "மாதவிடாய் நாள்ல விளையாடலாம், ஓடலாம், கெடுதல் இல்லை. முடியலைன்னா 'இன்னிக்கு மெதுவா சார்'னு சொன்னா போதும். ஏன்னு கேக்க மாட்டேன். பாத்ரூம் போக பர்மிஷன் வேண்டாம். நாப்கின் ஸ்போர்ட்ஸ் ரூம் அலமாரியில இருக்கு, கேக்காமலே எடுத்துக்கங்க."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது! இதற்கா இத்தனை வருடம் பயந்தீர்கள்?

ஆனால் சொன்னதைக் காப்பாற்றுங்கள். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் எல்லாம் பொய்! யாருக்கு எந்தத் தேதி என்று நோட்டில் குறித்தால் அது அக்கறை இல்லை, வேவு!

சரி, அந்த வேப்பமரத்தடிப் பெண்?

"மெதுவா நடந்து பாக்குறியாம்மா? வேண்டாம்னா ஸ்கோர் எழுது" என்று கேளுங்கள். முடிவு அவளுடையது. நடந்தால் பத்து நிமிடம் போதும். பிறகு மண்டியிட்டுக் குனிந்து, நெற்றி தரையைத் தொட, மெதுவாக மூச்சு விடட்டும். வலி தணிந்தால் அவளே ஆட்டத்துக்கு வருவாள். தணியவில்லையா? விட்டுவிடுங்கள்!

ஒரே நாளில் மாயம் நடக்காது. வாரம் மூன்று முறை, 45 முதல் 60 நிமிடம் தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால் மாதவிடாய் வலி குறையலாம் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. ஆக, மாதம் முழுக்க அவளை ஓட வைப்பதுதான் உங்கள் வேலை. அந்த மூன்று நாள் மட்டும் அவளை விரட்டுவது அல்ல!

இன்னொன்று. அந்த வெள்ளை பி.டி. உடை! கறை பட்டுவிடுமோ என்ற பயத்தோடு எந்தப் பெண் தாவுவாள்? வெள்ளையை விட்டுக்கொடுக்காத விம்பிள்டனே 2023 முதல் பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் போடலாம் என்று இறங்கி வந்தது. உங்கள் பள்ளி மட்டும் இறங்கக் கூடாதா? தலைமை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்!

எது சாதாரணம், எது இல்லை? இதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

இந்த வயதில் 21 முதல் 45 நாளுக்கு ஒருமுறை வருவது இயல்பு. ஏழு நாளுக்கு மேல் போகிறதா? ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்துவிடுகிறதா? மாதாமாதம் வாந்தியும் வலியுமாகப் பள்ளிக்கே வர முடியவில்லையா? டாக்டர்தான் பார்க்க வேண்டும். போட்டிக்குக் கடுமையாகப் பயிற்சி எடுப்பவளுக்கு மூன்று மாதமாக வரவே இல்லையா? "நல்லதாப் போச்சு" என்று விடாதீர்கள்! ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாமல் உடம்பு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு சுற்று ஓடியதும் மூச்சு வாங்கி நிற்கிறாளே ஒருத்தி, அவளைச் சோம்பேறி என்றீர்களா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை! அதிக உதிரப்போக்கும் அதற்கு ஒரு காரணம்.

அவளை மைதான ஓரத்துக்கு அழையுங்கள். எல்லாரும் பார்க்கும் இடம், யாருக்கும் கேட்காத தூரம். "சீக்கிரம் களைச்சுப் போறியேம்மா, இரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா? அம்மாகிட்ட நான் பேசட்டுமா, மிஸ் பேசட்டுமா?"

அவள் யாரைச் சொல்கிறாளோ, அவர் இன்று மாலையே பேசட்டும்!