பல்லுக்குச் சாட்சி யார்?

அந்தப் பிள்ளை எழுதிய ஒரு பக்கத்தில் என்னை இன்னும் விடாமல் பிடித்துவைத்திருப்பது ஒரு பல். அவளுடைய அப்பப்பாவின் கீழ்ப்பல். வாவியில் வீச்சு வலை எறிந்தே வாழ்ந்த மனிதர் அவர். வலையின் ஒரு பங்கை முழங்கையில் போட்டு, ஒரு பங்கைக் கையில் அள்ளி, ஈயக் குண்டு கோத்த ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வார். இடுப்பைத் திருப்பி வீசும் அதே நேரத்தில் பல்லையும் விட்டுவிட வேண்டும். பிந்தினால் வலை வட்டமாக விரியாது. கடித்துக் கடித்து அவருடைய கீழ்ப்பல் ஒன்றில் வலைநூலின் தடம் விழுந்திருந்தது என்றும், சிறுவயதில் மடியில் கிடந்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தே தான் நித்திரையானதாகவும் அவள் எழுதியிருந்தாள்.

படுவான்கரைக் கிராமம் ஒன்றில், 31ஆம் நாள் கிரியைக்கு அச்சடித்த நினைவு மலரில் வந்த பக்கம் அது. சாப்பாடு முடிந்து ஆண்கள் பந்தலுக்குள் மலரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது உறவுக்காரர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார்.

“நீயா புள்ள இத எழுதின?”

“ஓம் சித்தப்பா, நான்தான்.”

“சும்மா சொல்லாத. இது போன் எழுதினது. ஒரு எழுத்துப் பிழை இல்ல. பல்லு, பள்ளம் எண்டெல்லாம் மனுசர் எழுதுவாங்களா?”

இன்னொருவர் ‘மண்டபத்தில் எழுதிக் கொடுத்தது’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஓர் இளைஞன் பக்கத்தைப் படமெடுத்து, எழுத்தைப் பிரித்து, கண்டறிகருவி ஒன்றில் போட்டான். சிவப்பில் ஒரு சதவீதம் வந்தது. அதோடு வழக்கு முடிந்துவிட்டது. அவள் வாதாடவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தச் சிவப்பு எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கருவிகள் யார் எழுதினார் என்று பார்ப்பதில்லை, பார்க்க அவற்றுக்கு வழியும் இல்லை. ஒரு சொல்லுக்குப் பின் அடுத்து வரும் சொல்லை எவ்வளவு இலகுவாக ஊகிக்கலாம் என்பதையே அவற்றில் பல அளக்கின்றன. ஊகித்தபடியே சொற்கள் வந்துகொண்டிருந்தால் இயந்திரம், அடிக்கடி ஏமாற்றினால் மனிதர். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கருவியை வெளியிட்டது. அவர்களே வெளியிட்ட கணக்கின்படி, இயந்திரம் எழுதிய நூறில் 26ஐத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதிய நூறில் 9ஐத் தவறாகக் குற்றம் சாட்டியது.

ஒன்பதுதானே என்று தோன்றும். ஆயிரம் பக்கங்களை வைத்துப் பார்ப்போம். அவற்றில் நூறு இயந்திரம் எழுதியவை, தொள்ளாயிரம் மனிதர் எழுதியவை என்று கொள்வோம். கருவி முதல் நூறில் 26ஐப் பிடிக்கும். மற்றத் தொள்ளாயிரத்தில் 81ஐயும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, குற்றவாளிக் கூண்டில் நிற்கும் 107 பேரில் 81 பேர் நிரபராதிகள். ஆயிரம் எழுத்துகளுக்குக் குறைந்த பகுதிகளில் இதை நம்பவே வேண்டாம் என்றும், ஆங்கிலம் தவிர்ந்த மொழிகளில் இது மிகவும் மோசமாக வேலை செய்யும் என்றும் அந்த நிறுவனம் சொல்லியிருந்தது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் கருவியையே நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்தவற்றில் சில இதைவிடத் தேறியவை. ஆனாலும் ஒரு பக்கத் தமிழுக்கு அவை சொல்லும் தீர்ப்பில் ஒருவரின் மானத்தைக் கட்டித் தொங்கவிடலாமா?

இன்னொன்றும் உண்டு. அதே 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று அவை சொல்லின. அந்த மாணவர்கள் அறிந்த கொஞ்சச் சொற்களை வைத்து, பழகிய வரிசையில் எழுதியதுதான் காரணம். பிறகு அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றச் சொன்னார்கள். மெருகேற்றியதும் பெரும்பாலானவை ‘மனிதர் எழுதியவை’ ஆகிவிட்டன. இயந்திரம் தொட்ட பிறகுதான் மனிதராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள்.

பழகிய வரிசை என்றதும் நினைவு மலரைத்தான் யோசிக்கிறேன். எங்கள் பக்கத்து நினைவு மலர் எதை எடுத்தாலும் ஆறாத் துயரமும் அணையாத தீபமும் அதனதன் இடத்தில் இருக்கும். அவளுடைய பக்கத்திலும் இருந்தன. இழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும் பெண்களின் ஒப்பாரியும் அப்படித்தான். செத்தவர் யாரானாலும் தூணாகவும் மரமாகவும் இராசாவாகவும்தான் இருப்பார். அதற்காக அந்த அழுகை பொய்யாகிவிடுமா? நெஞ்சு அடைத்துப்போன நேரத்தில் புதுச் சொல் தேட யாருக்குத் தெம்பு இருக்கிறது? முன்னால் அழுதவர்கள் விட்டுப்போன சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தவர் அழுகிறார். துக்கம் முற்றும்போது நாம் இன்னும் ஊகிக்கக்கூடியவர்களாகிறோம். அப்படியானால் அந்தக் கருவியின் அளவுகோல் ஒப்பாரியிடம் எடுபடாது.

ஆனால் பல் ஊகிக்கக்கூடியது அல்ல. பந்தலில் இருந்தவர்கள் அதற்காகவும்தான் அவளைச் சந்தேகித்தார்கள். வழக்கமான வரிகளுக்குக் கருவி குற்றம் சொன்னது. வழக்கமில்லாத வரிக்கு மனிதர்கள் குற்றம் சொன்னார்கள். பிழையில்லாமல் எழுதியது தனிக் குற்றம். அந்தப் பிள்ளை எப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்?

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வைகாசி என்றால் கண்ணகி அம்மன் சடங்குதான். ஆண்டு முழுதும் அடைத்துக் கிடக்கும் கோயில் கதவு அப்போதுதான் திறக்கும். இரவில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். சிறுவர்கள் நாங்கள் மணலில் படுத்துக் கேட்போம். பாதியில் நித்திரை வந்துவிடும். ஆனால் வழக்குரைத்த கட்டத்துக்கு யாராவது தட்டி எழுப்பிவிடுவார்கள். கோவலன் கள்வன் என்று கொல்லப்பட்டாயிற்று. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். மற்றச் சிலம்போடு வந்த அவள் சபையில் சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, பாண்டியன் மடிகிறான். சிறுவயதில் எனக்கு அதில் பெரிய நிம்மதி இருந்தது. உண்மை என்று ஒன்று இருந்தால் அதை உடைத்துக் காட்ட ஒரு வழியும் இருக்கும் என்று நம்பினேன்.

இப்போது யோசித்தால் அந்த வழக்கு வென்றதற்குக் காரணம் சிலம்பு சோடியாக இருந்தது. எழுத்துக்குச் சோடி ஏது? கையால் எழுதிய முதற்படியைக் காட்டலாம். போனைப் பார்த்து எழுதினாய் என்பார்கள். அடித்துத் திருத்திய தாளைக் காட்டலாம். பிறகு அடித்தாய் என்பார்கள். பல் மண்ணுக்குள் போய்விட்டது.

எப்போதோ படித்த ஒரு கதை இங்கே வந்து நிற்கிறது. 1761இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமி, ஃபிலிஸ் வீட்லி. பதின்ம வயதிலேயே ஆங்கிலத்தில் கவிதை எழுதினாள். ஓர் அடிமைப் பெண் இதை எழுதியிருக்க முடியாது என்று ஊர் சந்தேகப்பட்டது. 1773இல் அவளுடைய நூல் இலண்டனில் வெளிவந்தபோது முன்பக்கத்தில் ஓர் அத்தாட்சி இருந்தது. ஆளுநர் ஹட்சின்சன், ஜோன் ஹான்காக் உட்படப் பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள், இவள்தான் எழுதினாள் என்று நம்புவதாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் தோமஸ் ஜெஃபர்சன் அவளைக் கவிஞர் என்று ஏற்கவில்லை. ‘அவள் பெயரில் வெளியானவை’ விமர்சிக்கவும் தகுதியற்றவை என்ற பொருள்பட எழுதினார். பதினெட்டுக் கையெழுத்துக்குப் பின்னும் அந்தப் ‘பெயரில்’ போகவில்லை. அவளுடைய செய்யுள் அக்காலத்து ஆங்கிலக் கவிஞர்கள் பலரும் எழுதிய அதே ஈரடி வடிவம்தான். அவர்கள் எழுதினால் மரபு. அவள் எழுதினால் நகல்.

எங்கள் பந்தலிலும் இதுதான் நடந்ததோ? ஊர் வாத்தியார் பிழையில்லாமல் எழுதினால் அவருடைய படிப்பு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும், வலைக்காரரின் பேத்தி எழுதினால் போன். ஐயம் எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. அந்தச் சித்தப்பா பந்தலில் பேசிய நினைவுரையில் ஒரு சொல்லும் புதிதில்லை. அவரை யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும் எதிர்ப்பக்கத்தை ஒதுக்க முடியவில்லை. பெயரும் வயதும் தொழிலும் சொன்னால் இரங்கற்பா எழுதித் தரும் செயலிகள் எல்லார் கையிலும் இருக்கின்றன. எழுதி வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. வீச்சு வலைக்காரர் என்று சொன்னால் தேய்ந்த பல் ஒன்றை இயந்திரமும் கற்பித்துத் தரும். ஒரு காலத்தில் நுணுக்கமான விவரம் ஒன்றே, எழுதியவர் நேரில் கண்டவர் என்பதற்குப் போதுமான சாட்சியாக இருந்தது. அந்தச் சாட்சி இப்போது செல்லாது.

அப்படியானால் நான் எதை வைத்து அவளை நம்புகிறேன்? சொல்வதெழுதலில் ஒற்றுப் பிழைக்கும் அழுகிற பிள்ளையாக அவள் இருந்தது எனக்குத் தெரியும். அவளுடைய அப்பப்பா வலையைக் கடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளத்தை நான் கண்டேனா? எத்தனையோ நாள் எதிரே இருந்து வெற்றிலை போட்டிருக்கிறோம். அவர் சிரிக்கும்போது கீழ்ப்பல் தெரிந்தது. காவிதான் நினைவில் நிற்கிறது, தடம் நிற்கவில்லை. இருந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. பந்தலில் இருந்த யாருக்கும் முடியவில்லை. மடியில் கிடந்தவளுக்கு மட்டும் தெரியும் ஒன்றைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சில நாள் கழித்து அவளை வழியில் கண்டபோது கேட்டாள்: “இனி எழுதினா ரெண்டு பிழை விட்டுட்டு எழுதட்டா, மாமா?” பகிடியாகத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் பகிடியில்லை. வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் பிழை விட்டால் நம்புவார்கள் என்பது உண்மைதானே. நம்பப்படுவதற்காகக் குறைத்து எழுது என்பதா, நம்பாவிட்டாலும் சரியாக எழுது என்பதா? இரண்டாவதைச் சொல்வது எனக்குச் சுலபம். அதற்கான விலையைக் கொடுக்கப்போவது அவள்.

எழுதியவரை நம்பிக்கொண்டே படிக்கத் தொடங்கலாம், சந்தேகத்துக்குக் காரணம் கிடைத்தால் நிறுத்தலாம் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துப் பார்க்கிறேன். அவளைப் போல அறிந்த பிள்ளையிடம் அது நன்றாக வேலை செய்கிறது. முகம் தெரியாத ஒருவர் நாளைக்கு ஒரு பல்லைப் பற்றி எழுதினால் அந்த விதியில் எவ்வளவு தூரம் நிற்பேன் என்பது எனக்குத் தெரியவில்லை.