எடுத்து வைத்த புத்தகம்



சென்ற சனிக்கிழமை குட்மேய்ஸ் நிலையத்தில் எலிசபெத் லைன் ரயிலால் இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு சின்னப் புத்தகக் கடை. பாதிக்குப் பாதி புதுப் புத்தகம், மீதி பழையது. பல வருடமாக அந்தக் கடையைப் பார்க்கிறேன், ஆனால் உள்ளே போனதில்லை. அன்றைக்கு வாசலிலே மூன்று பேர் நின்றார்கள். அந்தக் கடை வாசலில் மூன்று பேர் சேர்ந்து நின்றதை அதுவரை நான் கண்டதில்லை. என்ன விசேஷம் என்று உள்ளே எட்டிப் பார்த்தால், எங்கள் வீதிப் பிள்ளை ஒருத்தி கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து, அழிறப்பரால் ஒரு புத்தகத்தை அழித்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் பதினேழு வயது. ஏ லெவல் படிக்கிறாள். நாலு மாதத்துக்கு முன்னர், கடைக்கார அம்மாவிடம் தானாகவே போய், "உங்கள் இன்ஸ்டகிராம் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் வேண்டாம்" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா வெள்ளைக்காரப் பெண்மணி, அறுபது தாண்டியவர். கடை வாடகை கட்டுவதே பெரும் பாடாக இருந்த நேரம். சரி என்று சாவியைக் கொடுப்பதுபோல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்.

பிள்ளை முதலில் செய்தது என்ன தெரியுமா? எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். அலமாரிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, பின்னால் பாட்டுப் போட்டு, அரை நிமிட வீடியோ ஒன்று எடுத்துப் போட்டாள். பதினெட்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க, வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர்.

பக்கத்தின் உள்ளே போனால், பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர் என்று அந்தச் செயலியே காட்டும். திறந்து பார்த்திருக்கிறாள். முதல் மூன்று ஊர்களும் கடல் தாண்டிய ஊர்கள். லண்டன் நாலாவதாக வந்தது. அந்த லண்டனுக்குள்ளே குட்மேய்ஸ் எத்தனை பேரோ, அதை யார் கண்டார்கள்! "அன்ரி, அவையள் நல்ல சனம்தான், இதயம் எல்லாம் போட்டிருக்கினம். ஆனா அவை இஞ்ச வந்து புத்தகம் வாங்கேலுமோ?" என்று என்னிடம் கேட்டாள்.

அடுத்ததாக அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஹாம்ப்ஷயரில் பீட்டர்ஸ்ஃபீல்ட் என்று ஒரு ஊர். அங்கே நூறு ஆண்டு கடந்த ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. 2020 ஜனவரியில், மழை பெய்த ஒரு நாள், கடையில் ஒரு புத்தகம்கூட விற்கவில்லை. அப்போது கடையை நடத்திய ராபர்ட் சான்சம், இன்றைய விற்பனை பூச்சியம் என்று ட்விட்டரில் எழுதினார், ஆளில்லாத கடையின் படங்களோடு. எழுத்தாளர் நீல் கைமன் அதை எடுத்துப் பகிர்ந்தார். இரவோடு இரவாக ஆயிரம் பவுணுக்கு மேல் ஓடர்கள் வந்து விழுந்தன. உலகத்துப் பத்திரிகை எல்லாம் எழுதிய கதை இது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

"நாங்களும் அப்பிடி ஒண்டு எழுதுவம்" என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். கடைக்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவளுடைய ஃபோனில் அந்தப் பழைய பதிவை ஆறுதலாக வாசித்தாராம். வாசித்துவிட்டு, "நீ மேல்பாதியை மட்டும் பார்க்கிறாய். கீழ்ப்பாதியைப் பார்" என்றாராம்.

கீழ்ப்பாதியில் இருந்தது இதுதான். எங்கள் புத்தகங்கள் ஏப்புக்ஸ் தளத்தில் இருக்கின்றன, இப்போது இருபத்தைந்து வீதம் கழிவு, உதவ நினைப்பவர்கள் இங்கே பாருங்கள். அதாவது, பூச்சியம் என்று எழுதுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அந்தக் கடையில் யாரோ இருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பெயர், ஆண்டு, அட்டை எப்படி, விலை என்ன என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் எங்கோ இருந்து இரக்கப்பட்ட ஒருவர், அந்த இரக்கம் ஆறுவதற்கு முதல் ஒரு புத்தகத்தைத் தேர்ந்து காசு கட்ட முடிந்தது. எங்கள் குட்மேய்ஸ் கடையில் அப்படிப் பட்டியல் எதுவும் கிடையாது. எல்லாம் அந்த அம்மாவின் தலைக்குள்ளே இருக்கிறது. பதினெட்டாயிரம் பேர் இரக்கப்பட்டாலும் வாங்குவதற்கு வழி இல்லை.

அன்றைக்குத்தான் வேலை தொடங்கியது என்று சொல்லலாம். பிள்ளை முதலில் படம் எடுப்பதையே நிறுத்திவிட்டாள். பக்கத்தில் போட்டிருந்த நேரத்தைத் திருத்தினாள். கடை திறப்பது பத்தரைக்கு. பக்கமோ ஒன்பதரை என்று சொல்லிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பூட்டு என்பதும் அதில் இல்லை. குழந்தைகளோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஒரு தாய் பிறகு அந்தப் பக்கமே வரவில்லையாம்.

பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. அதில் மூன்று கோடு. இந்த வழியால் போகும்போது கண்டு வந்தவர்கள், பக்கத்தைப் பார்த்து வந்தவர்கள், வேறு ஆள் சொல்லி வந்தவர்கள். காசு வாங்கும்போது கேட்டு, உரிய இடத்தில் ஒரு கீறு. செயலி காட்டுகிற எண்களை விட்டுவிட்டு, இந்தக் கீறுகளைத்தான் அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணுகிறாள்.

படத்தையும் மாற்றினாள். இப்போது கடை முழுவதையும் எடுப்பதில்லை. ஒரே ஒரு புத்தகம். காலை பதினொரு மணிபோல ஜன்னலால் வெளிச்சம் வரும்போது, அட்டை, முதுகு, மடங்கிய மூலை, உள்ளே பென்சிலால் எழுதிய விலை, நாலும் தெரிகிற மாதிரி. மடங்கிய மூலையை ஏன் காட்டுகிறாய், பிள்ளை, என்று கேட்டேன். "மறைச்சா வந்து பாத்திட்டு வாங்காமல் போவினம், அன்ரி. காட்டினா, அது தெரிஞ்ச ஆக்கள்தான் வருவினம்" என்றாள். கீழே விலை, குட்மேய்ஸ், செவன் கிங்ஸ், சாட்வெல் ஹீத் என்று அக்கம்பக்கத்துப் பெயர்கள், பிறகு, "வேண்டும் என்று எழுதுங்கள், எடுத்து வைக்கிறோம்."

இதிலும் ஒரு பிழை வந்தது. வேண்டும் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் வருவதில்லை. எடுத்து வைத்த புத்தகங்களே ஒரு தட்டு நிறைந்து, கையில் காசோடு வந்தவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. இப்போது இரண்டு நாள்தான் கணக்கு. பெயர் எழுதிய துண்டில் திகதியும் எழுதி, அது கடந்தால் திரும்ப அலமாரிக்கு. விற்றுப்போனால், விற்றாயிற்று என்று அந்த நிமிடமே படத்தின் கீழே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை குட்டியோடு பஸ் ஏறி வந்தவர் ஏமாந்து போவார்.

இப்படி ஒன்றொன்றாகப் போட்டதில் எது நன்றாக ஓடியது என்று நினைக்கிறீர்கள்? நாவல்கள் அல்ல. லெவன் பிளஸ் பயிற்சிப் புத்தகங்கள்! நம் ரெட்பிரிட்ஜில் இல்ஃபோர்ட் கவுண்டி, உட்ஃபோர்ட் கவுண்டி என்று இரண்டு கிராமர் பள்ளிக்கூடம் இருக்கின்றன. செப்டெம்பர் சோதனைக்கு வசந்த காலத்திலேயே வீடுகளில் பரபரப்புத் தொடங்கிவிடும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு பெட்டிப் பழைய பயிற்சிப் புத்தகம் கடையின் பின்னறையில் கிடந்திருக்கிறது. எழுதிப் பழகியது என்பதால் விலைபோகாது என்று அம்மா ஒதுக்கி வைத்தது.

நான் பார்த்த அந்த அழிறப்பர் வேலை அதுதான். பேனாவால் எழுதியதை விலக்கிவிட்டு, பென்சிலால் எழுதியதை மட்டும் எடுத்து, பக்கம் பக்கமாக அழிக்கிறாள். நடுவிலே விடைத்தாள் கழலாமல் இருக்கிறதா என்று பார்க்கிறாள். விடைத்தாள் இல்லாத பயிற்சிப் புத்தகத்தால் எந்தத் தாய்க்கும் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அவளும் அந்தச் சோதனை எழுதிய பிள்ளைதானே. ஆகவே படத்தில் விடைத்தாளையும் விரித்து வைத்து எடுத்தாள். யாரோ ஒரு தாய் அந்தப் படத்தைத் தன் பிள்ளையின் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட, பதினொரு புத்தகத்தில் ஒன்பது, சனிக்கிழமைக்குள் விற்று முடிந்தது. வாசலில் நின்ற மூன்று பேரும் அந்தப் பெற்றோர்தான்.

கொப்பியைப் பார்த்தேன். ஒன்பது பேரில் ஏழு கீறு, "வேறு ஆள் சொல்லி" என்ற மூன்றாம் கோட்டில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். புத்தகக் கடைக்குள்ளே போய், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அட்டையை ஃபோனில் படம் எடுத்து, வாசலுக்கு வந்ததும் ஒன்லைனில் வாங்குகிறோமே, அந்தப் பழக்கத்தை விடுவோம். பத்துப் பவுண் புதுப் புத்தகம் ஒன்றைச் சின்னக் கடைக்காரர் ஏறத்தாழ ஆறு பவுண் கொடுத்துத்தான் எடுக்கிறார். மிச்சத்தில்தான் வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம். முன்பு இந்த நாட்டில், அட்டையில் போட்ட விலைக்கே விற்க வேண்டும் என்று பதிப்பாளர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. 1990களில் அது உடைந்து போனது. அதன் பிறகு பெரிய வியாபாரிகளால், சின்னக் கடைக்காரர் வாங்குகிற விலைக்கே விற்கக்கூட முடிகிறது. விலையில் அவரால் போட்டி போட முடியாது. தன் தெருவில் எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று அறிந்து வைத்திருப்பது ஒன்றுதான் அவர் கையில் இருப்பது. பார்க்கிங் றோட்டிலே நியூஹாம் புத்தகக் கடையைப் பாருங்கள். 1978இல் பெற்றோர் முன்னின்று தொடங்கிய கடை அது. பக்கத்தில் இருந்த வெஸ்ட் ஹாம் மைதானமே 2016இல் இடம் மாறிப் போனது. கடை போகவில்லை.

எங்கள் குட்மேய்ஸ் கடை தப்பிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பது பழைய பயிற்சிப் புத்தகத்தால் ஒரு மாத வாடகை வராது. அந்த அம்மாவுக்கும் அது தெரியும், பிள்ளைக்கும் தெரியும். இப்போது வாரத்துக்கு ஒரு தட்டு என்று இருவரும் பட்டியல் போடுகிறார்கள். அம்மா சொல்லச் சொல்ல, பிள்ளை தட்டச்சு செய்கிறாள். ஆறாவது தட்டில் நிற்கிறார்கள். இன்னும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. பிள்ளை அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போய்விடுவாள், அதற்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கிறாள்.

நான் அன்று என் பேரனுக்கு மிருகங்களைப் பற்றிய ஒரு படப் புத்தகம் வாங்கினேன். இரண்டு பவுண். பிள்ளை கொப்பியைத் திறந்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அன்ரி, உங்களை எந்தக் கோட்டில போட?"

"இந்த வழியால் போகும்போது கண்டு வந்தவர்" என்றேன். முதலாம் கோட்டில் ஒரு கீறு விழுந்தது. அவள் திரும்பவும் அழிறப்பரை எடுத்தாள்.